பழைய மேனேஜரிடம் லிங்க்டினில் பரிந்துரை: என்ன எழுத வேண்டும் என்று நாமே சொல்லலாமா?

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீசில் 2019 முதல் 2024 வரை இம்போர்ட் டாகுமென்டேஷன் எக்ஸிகியூட்டிவாக இருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன், இப்போது மறுபடி தேடுகிறேன். அன்றைக்கு எனக்கு மேனேஜராக இருந்த சார் இப்போது வேறு லாஜிஸ்டிக்ஸ் கம்பெனியில் இருக்கிறார். லிங்க்டினில் அவரிடம் ரெக்கமண்டேஷன் கேட்டு, அதில் தயாராக இருந்த வரியை அப்படியே அனுப்பிவிட்டேன். மூன்று வாரமாகப் பதில் இல்லை. புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன், மிக்ஜாம் புயல் வந்த வாரம் ஷிப்பிங் லைன்களோடு நான்தான் போராடினேன், அதையெல்லாம் அவர் மறந்திருக்க மாட்டார். ஆனால் இதை எழுதுங்கள் என்று சாரிடம் நான் சொல்வது மரியாதையாக இருக்குமா? இல்லை, முழுவதையும் நானே எழுதிக் கொடுத்து அவர் பெயரில் போடச் சொல்லலாமா? குழந்தைக்காகத்தான் இடைவெளி என்பதையும், அசிஸ்டன்ட் மேனேஜர் வேலையே செய்தேன் என்பதையும் அவர் எழுதினால் நன்றாக இருக்கும்.
— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்:

முதலில் அந்த மூன்று வார மௌனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சார் உங்களை மதிக்கவில்லை என்ற எண்ணம் மனதுக்குள் ஓட ஆரம்பித்திருக்கும். தளத்தில் தயாராக இருக்கும் அந்த வரி, எனக்கு ஒரு பரிந்துரை எழுத முடியுமா என்று கேட்பதோடு நின்றுவிடும். அதைத் திறப்பவருக்குக் கிடைப்பது ஒரு வெற்றுப் பெட்டி, 3,000 எழுத்துகள் வரை எழுத இடம். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து போனைப் பார்க்கும் ஒரு மேனேஜர் அந்தப் பெட்டிக்குள் எதைப் போடுவார்? எந்த வேலைக்காகக் கேட்கிறீர்கள், எதைச் சொன்னால் உங்களுக்கு உதவும், எவ்வளவு எழுத வேண்டும், ஒன்றும் அவருக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்திருப்பார், அந்த ஞாயிறு வந்திருக்காது. கப்பல், தளவாடக் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பதில் வராத கோரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி வெறும் வரியாகப் போனவைதான்.

மறந்திருக்க மாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மறந்திருப்பார், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புயல் வாரம் அவருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரத்தில் எந்த லைனுக்கு யார் மெயில் போட்டார், எந்தக் கன்டெய்னருக்கு யார் அலைந்தார் என்பது ஞாபகம் இருக்காது. அதற்கப்புறம் அவர் வேறு கம்பெனி, வேறு டீம், வேறு சரக்கு என்று போய்விட்டார். ஆகவே குறிப்புகள் எடுத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவு இல்லை, அவருடைய வேலையில் பாதியை நீங்கள் குறைத்துக் கொடுக்கிறீர்கள். எழுதும் பழக்கமுள்ள மேனேஜர்களே கூட "என்ன பாயிண்ட் போடணும்னு அனுப்பும்மா" என்று திருப்பிக் கேட்பார்கள்.

முழுவதையும் நீங்களே எழுதித் தருவது ஏன் கூடாது

குறிப்பு கொடுப்பதும் முழுப் பரிந்துரையையும் எழுதிக் கொடுப்பதும் ஒன்றில்லை. இரண்டாவதைச் செய்யாதீர்கள். அவர் வெட்டி ஒட்டுவதற்குச் சம்மதிக்கலாம், நிறைய பேர் சம்மதிப்பார்கள். சிக்கல் பிறகுதான் வரும். நீங்கள் போகப்போகும் கம்பெனி அந்தப் பரிந்துரையைப் படித்துவிட்டு அவருக்கே போன் போடலாம். மண்ணடியிலிருந்து ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸ் வரைக்கும் இந்தத் தொழிலில் யாருக்கு யாரைத் தெரியாது? லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு டீக்கடையில் நின்றால் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். போனில் "அந்தப் பொண்ணு டிடென்ஷன் சார்ஜ் குறைச்சாங்கன்னு எழுதியிருக்கீங்களே, எப்படி?" என்று ஒருவர் கேட்கும்போது, தான் எழுதாத வாக்கியத்துக்கு அவர் தடுமாறினால், இல்லாத பரிந்துரையை விட அது உங்களுக்குக் கெடுதல். தன் கையால் எழுதிய வாக்கியத்தை அவரால் போனிலும் தயங்காமல் சொல்ல முடியும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் புரொஃபைலில் "About" பகுதியில் நீங்கள் எழுதும் நடையும், அவர் பெயரில் வந்திருக்கும் நடையும் ஒரே மாதிரி இருந்தால், நாள் முழுக்க இதையே படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அதனால் வாக்கியத்தை அவரிடம் விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் நீங்கள் கொடுங்கள். "கடின உழைப்பாளி", "பொறுப்பானவர்" போன்ற பாராட்டுச் சொல் ஒன்றுகூட உங்கள் குறிப்பில் இருக்கக் கூடாது. பாராட்டு அவர் வாயிலிருந்து வரட்டும். எப்போது, என்ன, எப்படி முடிந்தது என்ற மூன்றும் இருந்தால் ஒரு குறிப்புக்குப் போதும்.

எந்த மூன்று குறிப்புகள்

மூன்றுக்கு மேல் வேண்டாம். ஏழு கொடுத்தால் ஏழையும் ஒரு வாக்கியத்தில் அடுக்கிவிட்டு முடித்துக்கொள்வார். தேர்ந்தெடுக்க ஒரு வழி சொல்கிறேன்: காகிதம் காட்டி நிரூபிக்கக்கூடியது எதையும் அவரிடம் கேட்காதீர்கள். உங்கள் டிகிரி, வேலை பார்த்த தேதிகள், கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ் ஆட்களுக்கான ஜி கார்டு பரீட்சையில் தேறியிருந்தால் அது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சான்று இருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயங்களுக்குத்தான் சாருடைய வார்த்தை தேவை. அதில் நீங்கள் இப்போது விண்ணப்பிக்கும் வேலைக்குப் பொருந்துவது எது என்று பாருங்கள்.

இம்போர்ட் டாகுமென்டேஷனுக்கு ஆள் தேடுபவருக்கு இருக்கும் முதல் பயம் என்ன? பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது இறக்குமதிச் சரக்குக்காகக் கஸ்டம்ஸில் போடும் படிவத்தில், தப்பு. பெரும்பாலான கப்பல் சரக்குக்கு, கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்டணம். அவசரமாகப் போட்டு எடையோ எண்ணிக்கையோ மாறிப்போனால் அமெண்ட்மென்ட் என்று கஸ்டம்ஸில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கன்டெய்னரை வைத்திருக்கும் சி.எஃப்.எஸ். நிலையத்தில் வாடகை ஏறும். ஆக, உங்கள் முதல் குறிப்பு இதைத் தொட வேண்டும்: இறக்குமதியாளரின் ஒப்புதலுக்குச் செக்லிஸ்ட் போவதற்கு முன்னால் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் மூன்றையும் நீங்கள் ஒப்பிட்டுப் பார்த்த பழக்கம், அப்படிப் பார்த்ததால் முன்கூட்டியே பிடிபட்ட ஒரு தவறு. உங்களுக்கு நினைவிருக்கும் ஒரே ஒரு சம்பவம் போதும். எத்தனை பில் போட்டீர்கள் என்று தோராயமாக ஒரு எண் சொல்ல ஆசையாக இருக்கும். கணக்கு கையில் இல்லை என்றால் சொல்லாதீர்கள், அவரால் அதற்குச் சாட்சி சொல்ல முடியாது.

இரண்டாவது, 2023 டிசம்பர் புயல் வாரம். இது உங்களிடம் இருப்பதிலேயே நல்ல குறிப்பு, ஏனென்றால் படிப்பவருக்கும் அந்த வாரம் நினைவிருக்கும். துறைமுகத்துக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர், வண்டி போகாது, கன்டெய்னருக்குக் கட்டணம் இல்லாத ஃப்ரீ டேஸ் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் "போராடினேன்" என்று அவருக்கு அனுப்பினால் அவரும் "போராடினார்" என்றுதான் எழுதுவார், அதிலிருந்து படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. என்ன செய்தீர்கள்? எந்தக் கன்டெய்னருக்கு ஃப்ரீ டேஸ் என்றைக்கு முடிகிறது என்று பட்டியல் போட்டீர்களா? டிடென்ஷன் தள்ளுபடி கேட்டு லைன்களுக்கு மெயில் போட்டீர்களா? எத்தனை லைன் ஒப்புக்கொண்டது? ஒன்று ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், "பெரும்பாலானவை" என்று எழுத அவருக்குத் தைரியம் வரும்.

மூன்றாவது, இரண்டு பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தது. உங்கள் அசிஸ்டன்ட் மேனேஜர் ஆசைக்கு நியாயமான வழி இதுதான். பதவியின் பெயரை மாற்றி எழுதச் சொல்லாதீர்கள், உங்கள் புரொஃபைலிலும் மாற்றாதீர்கள். வேலைக்குச் சேரும்போது பின்னணிச் சரிபார்ப்பில் பழைய ஆபீசுக்கு மெயில் போகும், அங்கே எக்ஸிகியூட்டிவ் என்று பதில் வரும், கையில் வந்த ஆஃபர் அங்கேயே நின்றுவிடும். அவர் பெயரும் உங்களோடு சேர்ந்து கெடும். "எக்ஸிகியூட்டிவாக இருந்தபோதே புதியவர்கள் இருவருக்குப் பயிற்சி கொடுத்தார், நான் லீவில் இருந்தபோது ஃபைலிங் முழுவதையும் பார்த்துக்கொண்டார்" என்று அவர் எழுதினால், படிப்பவரே உங்களைப் பதவிக்கு மேல் வேலை செய்தவர் என்று எடுத்துக்கொள்வார். லீவு விஷயம் உண்மையாக நடந்திருந்தால் மட்டும்.

எந்தக் குறிப்பிலும் இறக்குமதியாளர் பெயர், பில் நம்பர், சரக்கின் மதிப்பு வரக்கூடாது. அது பழைய ஆபீசின் வாடிக்கையாளர் விவரம். "ஒரு ரசாயன இறக்குமதியாளர்" என்ற அளவில் நிறுத்துங்கள். மணலியில் இன்ன இடத்தில் இருக்கும் கம்பெனி என்று அடையாளம் சொன்னால் பெயரைச் சொன்ன மாதிரிதான்.

இடைவெளியை அவர் விளக்க வேண்டாம்

நீங்கள் வேலையை விட்ட பிறகு நடந்தது எதையும் அவர் பார்க்கவில்லை. "குழந்தைக்காக விட்டார்" என்று ஒரு முன்னாள் மேனேஜர் எழுதினால், படிப்பவர் கவனம் உங்கள் வேலையிலிருந்து அந்த இடைவெளிக்குப் போய்விடும். புரொஃபைலின் அனுபவப் பகுதியிலேயே "Career break" என்று சேர்க்க வசதி இருக்கிறது, 2022-இல் வந்தது. அதில் நீங்களே ஒரு வரியில் போடுங்கள், போதும். அவரிடம் கேட்க வேண்டியது வேறு: மறுபடி வாய்ப்பு வந்தால் உங்களைத் தன் டீமில் எடுத்துக்கொள்வாரா என்பது. மனதில் அப்படி இருந்தால் கடைசி வரியாக எழுதச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு வருடம் விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு அந்த ஒரு வரி செய்யும் உதவியை வேறு எதுவும் செய்யாது. ஆனால் இதைக் கட்டாயப்படுத்தவே கூடாது. மனமில்லாமல் எழுதினால் போனில் குரல் காட்டிக்கொடுத்துவிடும்.

எப்படிக் கேட்பது

முதலில் வாட்ஸ்அப். தளத்திலிருந்து போகும் கோரிக்கை அதற்குப் பிறகுதான். அவர் "சரிம்மா" என்ற பிறகு அனுப்பினால் அது நினைவூட்டலாக மட்டும் இருக்கும். நீங்கள் அவரிடம் பேசுகிற மாதிரியே எழுதுங்கள். இந்த அளவு போதும்:

"வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா? திரும்ப இம்போர்ட் டாகுமென்டேஷன் வேலைக்கு அப்ளை பண்ணிட்டிருக்கேன். லிங்க்டின்ல உங்க ரெக்கமண்டேஷன் ஒண்ணு இருந்தா எனக்கு ரொம்ப உதவியா இருக்கும் சார். முன்னாடி சும்மா ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பியிருந்தேன், விவரம் எதுவும் எழுதல. ஞாபகத்துக்காக மூணு விஷயம் கீழே போட்டிருக்கேன். உங்களுக்குச் சரின்னு படறதை மட்டும் எழுதினா போதும்.

1. செக்லிஸ்ட் அனுப்பறதுக்கு முன்னாடி இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். மூணையும் ஒத்துப் பார்ப்பேன். ஒருமுறை நிகர எடை மாறியிருந்ததை ஃபைல் பண்றதுக்கு முன்னாடியே பிடிச்சோம்.
2. 2023 டிசம்பர் புயல் வாரம்: ஃப்ரீ டேஸ் முடியற கன்டெய்னர் லிஸ்ட் போட்டு லைன்களுக்கு மெயில் பண்ணி, டிடென்ஷன் தள்ளுபடி வாங்கினோம்.
3. புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கு ஃபைலிங் கத்துக்கொடுத்தது.

அஞ்சாறு வரி போதும் சார், மாசக் கடைசிக்குள்ள கிடைச்சா நல்லா இருக்கும். உங்க கம்பெனி ரூல்ஸ்ல இடம் இல்லேன்னாலோ, நேரம் இல்லேன்னாலோ தயங்காம சொல்லிடுங்க."

எடை சம்பவம் நான் உதாரணத்துக்குப் போட்டது, அந்த இடத்தில் உங்களுடையதை வையுங்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். சில கம்பெனிகள் தங்கள் ஆட்கள் வெளியாட்களுக்கு எழுத்தில் பரிந்துரை கொடுப்பதை அனுமதிப்பதில்லை. அதை வெளியே சொல்ல முடியாமல் சும்மா இருப்பவர்களும் உண்டு. மறுக்க ஒரு வழி இருந்தால்தான் அவருடைய சம்மதத்துக்கு மதிப்பு. கம்பெனி விதி தடுக்கிறது என்றால், யாராவது போன் செய்தால் பேசுவீர்களா என்று கேட்டு வையுங்கள், அதுவும் நல்ல பலன்தான்.

அவர் சரி என்றதும் தளத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அவர் உங்கள் நேரடித் தொடர்பில் இருக்க வேண்டும், நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பதால் அது இருக்கிறது. உங்கள் அனுபவப் பகுதியில் அந்த வேலை சரியான பதவிப் பெயரோடு இருக்கிறதா பாருங்கள், ஏனென்றால் கோரிக்கை அனுப்பும்போது உறவு என்ன, அப்போது உங்கள் பதவி என்ன என்று கேட்கும். பரிந்துரைக்கு மேலே அவர் உங்களை நேரடியாக மேற்பார்வை செய்தவர் என்று ஒரு வரி வரும், அது நீங்கள் தேர்ந்தெடுத்ததிலிருந்து வருவது. Recommendations பகுதியில் "Ask for a recommendation" என்பதைத் தேர்ந்தெடுத்து, தயாராக இருக்கும் வரியை அழித்துவிட்டு மேலே உள்ள மூன்று குறிப்புகளையும் ஒட்டுங்கள். அவருக்குப் பழைய கோரிக்கையைத் தேட அலுப்பாக இருந்தால், உங்கள் புரொஃபைலுக்கு வந்து "More" அழுத்தி "Recommend" என்று நேராகவே எழுதலாம்.

ஆங்கிலத்தில் எழுதுவதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும் இருந்துவிட்டுப் போகட்டும், திருத்தித் தருகிறேன் என்று போகாதீர்கள்.

எழுதி வந்த பிறகு

அவர் அனுப்பியதும் உடனே உங்கள் பக்கத்தில் வந்துவிடாது. முதலில் உங்களுக்கு மெசேஜாக வரும், நீங்கள் சேர்த்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அதனால் நிதானமாகப் படியுங்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டு அதே ஆபீசில் இருந்த இன்னொருவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். அவருக்கும் அப்படியே பொருந்தினால் அது உங்களுக்கு உதவாத பரிந்துரை. முதல் இரண்டு வரியையும் பாருங்கள், நீளமாக இருந்தால் மீதி மடிந்துவிடும், அவசரமாகப் புரட்டுபவர் அதைத் திறக்க மாட்டார். பொதுவான வாழ்த்து முதலிலும் புயல் சம்பவம் கடைசியிலும் இருந்தால் இடம் மாற்றினால் நன்றாக இருக்கும்.

அவருடைய எழுத்தில் உங்களால் கை வைக்க முடியாது, திருத்தம் வேண்டும் என்று திருப்பி அனுப்பத்தான் முடியும். அந்த உரிமையை ஒரே ஒரு முறை, ஒரே ஒரு விஷயத்துக்காகப் பயன்படுத்துங்கள். பதவியோ வருடமோ தப்பாக இருந்தால் கண்டிப்பாகக் கேளுங்கள். வெறும் பாராட்டாக வந்திருந்தால், "ரொம்ப நன்றி சார், புயல் வாரம் பத்தி ஒரு வரி மட்டும் சேர்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அதற்கு மேல் வேண்டாம். பிற்பாடு பிடிக்கவில்லை என்றால் மறைத்து வைக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது, எழுதியதைத் திரும்பப் பெறும் வசதி அவரிடம் இருக்கிறது. பதிலுக்கு நீங்களும் அவருக்கு ஒன்று எழுத நினைத்தால் அதே வாரத்தில் எழுதாதீர்கள், மாற்றிக்கொண்ட மாதிரித் தெரியும்.

பரிந்துரை எழுதுவது அவர் செய்யும் உதவி, உங்கள் உரிமை இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். பழைய ஆபீசின் லெட்டர்ஹெட்டில் வரும் அனுபவச் சான்றிதழ் வேறு, அதற்கு இது மாற்றாகாது. இன்னும் வாங்கவில்லை என்றால் தனியாக ஆபீசுக்கே எழுதிக் கேளுங்கள்.

வாட்ஸ்அப் அனுப்பி பத்து நாளாகியும் பதில் இல்லை என்றால் ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் அசையவில்லை என்றால் அவரை விட்டுவிடுங்கள், வேறு இடம் பாருங்கள். நீங்கள் தினமும் பேசிய இறக்குமதிக் கம்பெனி ஆள், அங்கே டெலிவரி ஆர்டருக்காகக் காத்திருந்தவர், உங்கள் வேலையை மேனேஜரை விட நெருக்கமாகப் பார்த்திருப்பார். அவரிடம் கேட்கும்போது உறவு என்ற இடத்தில் வாடிக்கையாளர் என்று தேர்ந்தெடுக்கலாம். அவருக்கு முதல் இரண்டு குறிப்புகள் மட்டும் அனுப்புங்கள், மூன்றாவது அவர் பார்த்திராதது.